தைலத்துக்குக் கொடுத்த நம்பர்

கொடைக்கானலில் தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடையில் ஆறு வருடம் கணக்கு பார்த்தேன். ஊருக்குப் போனபின் பார்சல் கேட்பவர்கள் அதிகம் என்பதால், கல்லாவில் ஒரு நோட்டு கிடக்கும். பெயர், ஊர், போன் நம்பர் எழுதிவிட்டு, "நம்ம கடை நம்பரையும் சேவ் பண்ணிக்கோங்க" என்போம். சீசன் நேரத்தில் நோட்டு முழுவதையும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் ஏற்றி, ஆஃபர் அனுப்புவோம். நம் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதையே சம்மதம் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். நானும்தான்.

மதுரையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். "அண்ணே, நைட் டூட்டி முடிஞ்சு படுத்தா உங்க மெசேஜ்தான் எழுப்புது. எடுத்துருங்க." உடனே அழித்தேன். மூன்று மாதம் கழித்து அதே குரல், இந்த முறை கோபத்தோடு. "பிளாக் பண்ணிருவேன். அப்புறம் அம்மாவுக்குத் தைலம் யார்கிட்ட கேக்கறது?"

தேடியபோது காரணம் புரிந்தது. லிஸ்டில்தான் அழித்திருந்தேன்; நோட்டில் நம்பர் அப்படியே இருந்தது. புதிதாக வந்த பையன் நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றிவிட்டான். அழித்த நம்பருக்கு, அழித்தோம் என்ற நினைவு கிடையாதே.

அதனால் வேண்டாம் என்றவர்களுக்கு stop என்ற பெயரில் தனி ஷீட் போட்டேன். அதில் நம்பரும் தேதியும் மட்டும். ஒரே நம்பர் +91 என்றும், 0 என்றும், நடுவில் இடைவெளி விட்டும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், கடைசி பத்து இலக்கத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டேன்:

```
B2: =RIGHT(SUBSTITUTE(A2," ",""),10)
C2: =COUNTIF(stop!A:A,B2)
```

C-யில் 0 வந்தால்தான் அனுப்பலாம். stop ஷீட்டிலும் பத்து இலக்கம்தான் இருக்க வேண்டும். நடுவில் கோடு போட்டு எழுதியவை இதில் தப்பிவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன்.

வேண்டாம் என்பதையும் யாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. "யார் நீங்க?" என்பார்கள், கடைக்கு வந்து முகத்தைச் சுளிப்பார்கள். எல்லாவற்றையும் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டோம். ஆனால் நர்ஸ் நிறுத்தச் சொன்னது ஆஃபரைத்தான். பார்சல் கிளம்பிய தகவல் அவருக்கு வேண்டும். இரண்டையும் ஒரே நோட்டில் குழப்பியது எங்கள் தப்பு.

பிறகு நோட்டில் பார்சலுக்கு மட்டும் நம்பர் வாங்கினோம். ஆஃபர் வேண்டுமென்றால், அவரவர் போனிலிருந்து "ஆஃபர்" என்று கடை நம்பருக்கு அனுப்பச் சொன்னோம். மச்சானின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவது இதில் நடக்காது. குளிரில் நடுங்கும் கையெழுத்தில் 1 எது, 7 எது என்ற குழப்பமும் இல்லை. லிஸ்ட் பாதிக்கும் கீழே சுருங்கியது. முதலாளிக்கு வருத்தம்தான்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதைப் படித்துவிட்டு நாங்கள் மாறவில்லை. திட்டு வாங்கி மாறினோம்.

கணக்குக்கு வேண்டும் என்று பழைய நோட்டை முதலாளி கிழிக்க விடவில்லை. அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: "இதிலிருந்து ஏற்றாதே."