ஆய்வக நாட்குறிப்பு: அமிலத்துக்குள் குடித்தனம்

8 ஜூலை 2025, செவ்வாய். கோவை

இன்றைய ஸ்லைடு மனசைக் கஷ்டப்படுத்திவிட்டது. போன வெள்ளிக்கிழமை கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் எலி மேக்ரோஃபேஜ் செல்களில், காலா அசார் காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா டோனோவானி ஒட்டுண்ணியைத் தொற்றவைத்தேன். நான்கு மணி நேரத்தில் பாதிச் செல்களுக்குள் ஒட்டுண்ணி தெரிந்தது. 72 மணி நேர ஸ்லைடில் தேடித் தேடி ஒன்றிரண்டுதான் கிடைத்தன. விழுங்கிய செல்கள் அவற்றைச் செரித்தே விட்டன.

மாலையில்தான் காரணம் பிடிபட்டது. நான் எடுத்தது மூன்று நாள் வளர்ப்பு. வாலை வீசி நீந்தி, வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த புரோமாஸ்டிகோட்டுகள். துடிப்பாக இருக்கின்றனவே என்று நம்பிவிட்டேன். பெருக்கம் நின்று ஆறேழு நாளான வளர்ப்பில்தான் தொற்றக்கூடியவை சேரும். அவற்றின் மேலிருக்கும் எல்பிஜி என்ற சர்க்கரை-கொழுப்புப் போர்வை அதற்குள் நீண்டிருக்கும். மணல் ஈயின் குடலிலும் இந்த மாற்றம் முடிந்த பிறகுதான் ஒட்டுண்ணி கடியோடு நம் தோலுக்குள் வருகிறது.

14 ஜூலை, திங்கள்

இந்த முறை ஏழு நாள் வளர்ப்பு. ஒரு செல்லுக்குப் பத்து ஒட்டுண்ணி, நான்கு மணி நேரம், அப்புறம் கழுவல். 72 மணி நேர ஸ்லைடை ஜீம்சா சாயமிட்டு எண்ணெய் லென்ஸில் பார்த்தேன். ஒரே செல்லுக்குள் ஆறு! வால் சுருங்கி, மூன்று மைக்ரான் முட்டை வடிவமாகிவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டப் புள்ளி, பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி. புள்ளி நியூக்ளியஸ், குச்சி கைனெட்டோபிளாஸ்ட் என்ற டிஎன்ஏ திரள். குச்சி தெரியாவிட்டால் நான் எண்ணுவதில்லை, சாயத் துகளும் அதே அளவில்தான் இருக்கும். 1903-இல் சார்லஸ் டோனோவன் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் இதைப் பார்த்தது நம் மெட்ராஸில்தான்.

போன வாரம் செத்தவை இந்த வாரம் ஏன் பிழைத்தன? செல் விழுங்கியதும் ஒட்டுண்ணி ஒரு பைக்குள் அகப்படுகிறது. செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு சேர வேண்டும், அமிலப் பம்புகள் வந்து பொருந்த வேண்டும். எல்பிஜி பையின் சவ்வுக்குள் இறங்கி, வெளிப்புறம் ஆக்டின் இழைகளைத் திரளவைத்து, அந்தச் சேர்க்கையைத் தாமதப்படுத்துகிறது. அது தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். கிடைத்த அவகாசத்தில் ஒட்டுண்ணி அமாஸ்டிகோட் என்ற அந்த முட்டை வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மாறிய பிறகு அந்தப் போர்வை ஏறக்குறைய இருப்பதே இல்லை, தேவையும் இல்லை.

20 ஜூலை, ஞாயிறு. திருப்பூர்

ஆடிக் காத்து தகரக் கூரையைத் தூக்கிவிடும் போல அடிக்கிறது. அப்பா முப்பது வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவர். ஒட்டுண்ணி இருக்கும் பை கடைசியில் எவ்வளவு புளிக்கும் என்று கேட்டார். பிஎச் ஐந்து, ஐந்தரை என்றேன்.

"பாலியஸ்டருக்கு நாங்க அசிட்டிக் போட்டு வெக்கற அளவாச்சே கண்ணு. அதுக்குள்ள எப்படி உசுரோட கெடக்குது?"

பொறுத்துக்கொண்டு கிடப்பதில்லை அப்பா, அதற்கு அந்தப் புளிப்புதான் வேண்டும் என்றேன். உள்ளே வரும் அமிலத்தைத் தன் சவ்வுப் பம்புகளால் வெளியே தள்ளி, தன் உட்புறத்தை நடுநிலைக்கு அருகில் வைத்துக்கொள்கிறது. வெளியே அதிகம், உள்ளே குறைவு என்ற அந்த வித்தியாசத்தையே சக்தியாக்கி உணவை இழுத்துக்கொள்கிறது. நாங்களும் புரோமாஸ்டிகோட்டை அமாஸ்டிகோட்டாக மாற்ற, செல்லே இல்லாமல், 37 டிகிரியும் பிஎச் ஐந்தரையும்தான் கொடுக்கிறோம். அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

24 ஜூலை, வியாழன்

அமிலம் பலிக்காவிட்டாலும் ஒட்டுண்ணியைக் கொல்ல மேக்ரோஃபேஜிடம் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது. மற்ற நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்பும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதம் வந்து சொன்னால்தான் அதைத் தயாரிக்கும். தயாரித்ததா என்று க்ரீஸ் கரைசல் காட்டும், நிறம் ரோஜாவாக மாறும்.

வளர்ப்புத் தட்டில், தொற்று இல்லாமல் இன்டர்ஃபெரான் கொடுத்த குழி: நல்ல ரோஜா. தொற்றவைத்த பிறகு இன்டர்ஃபெரான் கொடுத்தது: கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். முந்தின இரவே இன்டர்ஃபெரான் கொடுத்து, காலையில் தொற்றவைத்தது: ரோஜா, ஸ்லைடிலும் ஒட்டுண்ணி குறைவு. மூன்றிலும் இன்டர்ஃபெரான் அளவு ஒன்றே, கடைசி இரண்டில் வரிசை மட்டும்தான் மாறியது. செல்கள் செத்ததால் நிறம் வரவில்லையோ என்று செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பன் நீலச் சாயத்தில் பார்த்தேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

செய்தி வாசலுக்கு வருகிறது, உள்ளே போகவில்லை. ஒட்டுண்ணியின் ஜிபி63 என்ற புரதம்வெட்டி செல்லுக்குள் நுழைந்து, செல்லின் சொந்த நொதியான எஸ்ஹெச்பி-1-ஐ வெட்டி முடுக்கிவிடுகிறது. இன்டர்ஃபெரான் செய்தியை உள்ளே கடத்துவது ஜாக்2, ஸ்டாட்1 என்ற இரண்டு புரதங்கள். ஜாக்2 மேல் ஏறவேண்டிய பாஸ்பேட்டை எஸ்ஹெச்பி-1 கழற்றிவிடுகிறது. ஜாக்2 ஓய்ந்தால் ஸ்டாட்1 நியூக்ளியஸுக்குப் போகாது, நைட்ரிக் ஆக்சைடு நொதி உருவாகாது. முன்கூட்டியே செய்தி போய்ச் சேர்ந்த செல்லில் அந்த நொதி ஏற்கெனவே தயார்.

28 ஜூலை, திங்கள்

காலா அசாருக்குப் பல காலம் கொடுத்த சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற ஆண்டிமனி மருந்து எஸ்ஹெச்பி-1-ஐத் தடுக்கும் என்பது 2001-இல்தான் தெரியவந்தது. ஒட்டுண்ணியைக் கொல்வதற்கு என்று கொடுத்த மருந்து, செல்லின் பூட்டையும் திறந்துவிடுகிறது.

அதைச் சேர்த்தால் ரோஜா நிறம் திரும்புமா என்று பார்க்க ஆசை. ஆனால் திரும்பினாலும் நம்ப முடியாது. மருந்து ஒட்டுண்ணியையே கொன்றிருந்தாலும் நிறம் வரும். அதனால் க்ரீஸை விட்டுவிட்டு, மருந்தைக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுத்து, இன்டர்ஃபெரான் போட்ட அரை மணி நேரத்தில் செல்லை உடைத்து, ஸ்டாட்1-இல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று புரதங்களைப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கப்போகிறேன். அதே நேரத்து ஸ்லைடில் ஒட்டுண்ணி எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். ஏழு நாள் வளர்ப்பு வியாழக்கிழமை தயாராகும்.