ரெண்டு இஞ்ச் பைப்பில் அந்த ரெண்டு இஞ்ச் எங்கே இருக்கிறது?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஊற்றுத் தண்ணீர் லைன் பார்ப்பது என் வேலை. பழைய ஜி.ஐ. பைப்புகள் சரிவில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும். வெளிவிட்டம் அளக்க வெர்னியர் தாடை இரண்டு பக்கமும் போய் உட்கார இடமிருக்காது. கொஞ்சம் மண்ணைப் பறித்தால் சுற்றி அளக்க ஒரு நூல் நுழைந்துவிடும்.

ஒரு தோட்டத்தில் லைனிலிருந்து கிளை எடுக்க, பைப்பைச் சுற்றிக் கவ்வும் சேடில் தேவைப்பட்டது. மேஸ்திரி "ரெண்டு இஞ்ச்" என்றார். மேட்டுப்பாளையத்திலிருந்து 50 மி.மீ. சேடில் வந்தது, அது பைப்பைச் சுற்றி மூடவே இல்லை. மாற்றி வாங்கிய 63 மி.மீ. சேடில் லொடலொடவென்று ஆடியது, வாஷர் அழுந்தவில்லை. இரண்டுமே பி.வி.சி.க்கானவை. பி.வி.சி.யில் 50, 63 என்பதெல்லாம் வெளிவிட்டம். ஜி.ஐ.யில் 50 என்பது வெறும் பெயர்.

அப்புறம் நூலைப் போட்டோம். தையல் நூல் இழுத்தால் நீளும், அதனால் கொத்தனார் மட்டநூல்தான் எடுப்பேன். பெயர்ந்து நிற்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஐந்து சுற்று நெருக்கமாகச் சுற்றினோம். தொடங்கிய இடத்துக்கு நேராகப் பேனாவால் குறித்து, அதே இழுப்பில் டேப்பில் வைத்தால் 963 மி.மீ. ஒரு சுற்று 192.6. அதை 3.1416-ஆல் வகுத்தால் 61.3.

இதோடு நிறுத்தக் கூடாது. நூலின் நடுக்கோடுதான் இந்த வட்டத்தைப் போடுகிறது, பைப்பின் தோல் இல்லை. ஆகவே நூலின் தடிமனைக் கழிக்க வேண்டும். பென்சிலில் பத்து சுற்று நெருக்கிச் சுற்றியபோது அகலம் 10 மி.மீ. வந்தது, அதாவது தடிமன் 1 மி.மீ. மிச்சம் 60.3. ரெண்டு இஞ்ச் ஜி.ஐ.யின் வெளிவிட்டம் அதுதான். ஐந்து சுற்று எதற்கென்றால், டேப்பில் ஒரு மி.மீ. பிசகினாலும் விட்டத்தில் 0.06தான் மாறும். ஒரே சுற்றில் அதே பிசகு 0.3 ஆகிவிடும்.

பெயரில் உள்ள ரெண்டு இஞ்ச் பழைய இரும்புப் பைப்பின் உள்துளையை ஒட்டி வந்தது. பிறகு சுவரின் தடிமன் மாறியது. மரையும் ஃபிட்டிங்கும் பொருந்த வேண்டுமே, அதனால் வெளிவிட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மாற்றத்தையெல்லாம் உள்ளே தள்ளினார்கள். இன்று நீலப் பட்டை போட்ட பி கிளாஸில் சுவர் 3.6 மி.மீ., துளை ஏறக்குறைய 53. சிவப்புப் பட்டை சி கிளாஸில் 4.5, துளை 51 சொச்சம். வெளியே சுற்றிய நூலுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டை அழிந்துபோன பழைய பைப்பில் கிளாஸ் தெரிய வேண்டுமென்றால் வெட்டிய முனையில்தான் பார்க்க முடியும்.

பைப் நசுங்கியிருந்தால் நூல் சராசரியைத்தான் சொல்லும், நசுங்கலைக் காட்டாது. கையால் தடவிப் பார்த்து, உருண்டையாக இருக்கும் இடத்தில் சுற்றுங்கள். கடையில் "ரெண்டு இஞ்ச்" என்பதோடு "ஜி.ஐ., வெளிவிட்டம் 60.3" என்றும் சொல்லிக் கேளுங்கள்.