எட்டுப் பேருக்கு ஒரே பானை

"சர்க்கரை கட்டுக்குள் இல்லை. அரிசி அதிகம். உணவு ஆலோசனையைப் பின்பற்றுவதில்லை." உணவு ஆலோசகரான எனக்கு வந்த பரிந்துரைக் கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. முப்பத்தெட்டு வயது, கட்டுமான வேலை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. மெட்பார்மின், கிளிமெபிரைடு என்று இரண்டு மாத்திரைகள். ஆள் பருமனாகவும் இல்லை. முந்தைய ஆலோசனைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சோற்றைப் பாதியாக்கவும், காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், ஒரு நாளைக்கு ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடவும். அந்தத் தாளில் மருத்துவப் பிழை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அது அடுப்பும் குளிர்பெட்டியும் கேட்டபோதெல்லாம் இடைவேளையும் உள்ள ஒருவருக்கு எழுதப்பட்ட தாள்.

வெளிநாட்டு வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களிடம் நான் முதலில் உணவைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கே படுக்கிறீர்கள், ஒரு அறையில் எத்தனை பேர், அடுப்பு யாருடையது, எத்தனை மணிக்கு உங்கள் முறை வரும், குளிர்பெட்டியில் வைத்தது மறுநாள் இருக்குமா, அறைக்குள் எந்த மின்சாதனத்துக்கு அனுமதி உண்டு என்பதைத்தான் கேட்கிறேன். கடைசிக் கேள்வி முக்கியம். பல விடுதிகளில் தீ விபத்துக்குப் பயந்து அறைக்குள் சமைக்கத் தடை இருக்கும். 'ரைஸ் குக்கரில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று நான் எழுதிக் கொடுத்து, சோதனையில் அது பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது அவர்தான்.

இவருடைய நிலைமை இது. ஒரே அறையில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு மெஸ். பொதுச் சமையலறையில் இரவு ஏழரை முதல் எட்டரை வரை அவர்கள் முறை. வாரத்துக்கு ஒருவர் சமையல். அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி தளம் முழுவதற்கும் பொது. "வெச்சா காணாமப் போயிடும் மேடம்" என்றார். இரவுச் சோறும் குழம்பும் ஒன்பது மணிக்கே டப்பாவில் அடைபட்டுவிடும். காலை ஐந்தரைக்கு வண்டி. அந்த டப்பாவைத் திறப்பது மறுநாள் பன்னிரண்டு மணிக்கு.

பொதுப் பானையில் சாப்பிடுபவரிடம் 'நேற்று எவ்வளவு சோறு சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் கிடைக்கும் பதில் வெறும் ஊகம். தட்டு வேறு, கரண்டி வேறு, ஆளுக்கு ஆள் அளவு வேறு. அதனால் மெஸ்ஸின் மாதச் சாமான் பட்டியலைக் கேட்பேன். கணக்கு வைத்துப் பணம் பிரிப்பதால் அது பெரும்பாலும் யாராவது ஒருவரின் போனில் இருக்கும். அன்றும் அறை நண்பரைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார். அரிசி 100 கிலோ, எண்ணெய் 10 லிட்டர், பருப்பு வகைகள் 6 கிலோ, சர்க்கரை 8 கிலோ. எட்டால், முப்பதால் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி சுமார் 415 கிராம், எண்ணெய் 40 மில்லிக்குச் சற்று மேல், பருப்பு வெறும் 25 கிராம், சர்க்கரை 33 கிராம். பங்கு சமமாக இருக்காது, விருந்தாளியும் வருவார், சோறு மீந்தும் போகும். ஆனாலும் நினைவிலிருந்து சொல்லும் கணக்கைவிட இதை அதிகம் நம்பலாம். அறையின் உணவுப் பழக்கமும் அந்த நான்கு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

415 கிராம் அரிசி என்றால் சுமார் 1,500 கலோரி. கேட்பவர்களுக்கு அதிகமாகத் தோன்றும். ஆனால் நாள் முழுக்கக் கம்பி கட்டி, கான்கிரீட் சுமக்கும் உடம்புக்குத் தேவைப்படும் ஆற்றலில் அது பாதி அளவுக்குத்தான் வரும். அதையும் பாதியாக்கினால் 750 கலோரி போய்விடும். அதை ஈடுகட்ட அவர் பெட்டியில் வேறு எதுவும் இல்லை.

அவர் பின்பற்றவில்லை என்பதும் உண்மையில்லை. ஓட்ஸ், சாலட் முடியவில்லை, ஆனால் சோற்றைப் பாதியாக்கியிருந்தார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டதும்தான் விஷயமே வெளியே வந்தது. "பத்து மணி வாக்குல கை நடுங்கும் மேடம். வேர்த்துக் கொட்டும். கண்ணு இருட்டும். அப்ப ரெண்டு டின் கூல்ட்ரிங்ஸ் குடிச்சு, பன் சாப்பிட்டாத்தான் நிக்க முடியும்." மாத்திரை எப்போது போடுகிறீர்கள் என்றேன். எழுந்ததும், ஐந்து மணிக்கு. சாப்பாடு? பத்து மணி இடைவேளை வரை ஒன்றுமில்லை. சாரத்தில் ஒருமுறை தடுமாறியபோது, தளத்தில் முதலுதவி பார்ப்பவர் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார். அந்தக் கருவியின் படம் இவர் போனில் இருந்தது: சர்க்கரை 58.

கிளிமெபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, வயிற்றில் உணவு இருக்கிறதா என்று பார்க்காமலே. அதனால்தான் நாளின் முதல் முழு உணவை ஒட்டிப் போடச் சொல்கிறோம். இவர் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, பத்து மணி வரை எதுவும் சாப்பிடாமல் கடும் உடலுழைப்பு செய்கிறார். சர்க்கரை 70க்குக் கீழே, தாழ்நிலைக்குப் போகிறது. பயந்துபோய் இரண்டு டின் குடிக்கிறார். 330 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கும். தாழ்நிலையைச் சரிசெய்ய 15 கிராம் போதும், அதாவது அரை டின்னுக்கும் குறைவு. பன்னையும் சேர்த்துப் பார்த்தால் தேவையைப் போல பல மடங்கு. மதியத்துக்கு மேல் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. அந்த ஏற்றம்தான் எச்பிஏ1சியில் தெரிந்து, 'அரிசி அதிகம்' என்று கடிதத்தில் வந்தது. அரிசியைக் குறைக்கக் குறைக்கக் காலைத் தாழ்நிலை மோசமாகியிருக்கிறது. உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கு அது உயிர் போகிற காரியம்.

மாத்திரையை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. அவரை உட்கார வைத்துவிட்டு மருத்துவரை அழைத்தேன். படத்தைக் காட்டியதும் அன்றே அளவைப் பாதியாக்கி, உணவோடுதான் போட வேண்டும் என்று எழுதித் தந்தார். அதற்குப் பிறகுதான் என் வேலை: ஐந்து மணிக்கு அடுப்பில்லாமல், குளிர்பெட்டியில்லாமல் என்ன சாப்பிட முடியும்?

வேகவைத்த முட்டைதான் முதலில் மனதில் வந்தது. ஆனால் இரவு எட்டரைக்கு வேகவைத்தது காலை வரை அறை வெப்பத்தில் கிடக்கும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது என்பதால் அதை விட்டோம். முட்டையை இரவுக் குழம்புக்குத் தள்ளினேன். காலைக்கு இரண்டு துண்டு முழுகோதுமை ரொட்டி, அதில் இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். சில நாள் கெடாது, சமைக்க வேண்டாம், வண்டியிலேயே சாப்பிடலாம். முப்பது கிராம் அளவு மாவுச்சத்து, கடலையிலிருந்து ஏழு கிராம் புரதம். மாத்திரை அதோடு. பத்து மணிக்கு ஒரு பிடி வறுத்த கடலை, தண்ணீர். நடுங்கினால் மட்டும் அரை டின்னுக்குச் சற்றுக் குறைவாகக் குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். நடுக்கம் நிற்கவில்லை என்றால் இன்னொரு முறை. சரியான பிறகும் சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் எதையாவது சாப்பிட வேண்டும்.

மதிய டப்பா அவ்வளவு எளிதாக முடியவில்லை. பதினைந்து மணி நேரம் மூடிக் கிடந்த சோற்றில் பேசில்லஸ் கிருமி வளரலாம். அதன் வித்துகள் சமைத்தாலும் சாகாது, அது உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாரத்துக்கு ஒருமுறையாவது வயிறு கெடுகிறது என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த நாளில் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் மறுபடி அதே தாழ்நிலை. 'அப்போதே சமைத்ததைச் சாப்பிடுங்கள்' என்று எழுதுவதில் பயனில்லை. காலையில் அடுப்பு காலியா என்று கேட்டேன். நாலரைக்கு யாரும் வருவதில்லையாம். குழம்பைப் பற்றி யோசிக்காமல் சோறு மட்டும் அப்போது வைத்து, ஆவி பறக்கச் சூடு ஆறாமல் காக்கும் பாத்திரத்தில் அடைத்தால்? "நான் ஒருத்தன் எழுந்தா போதாது மேடம், அந்த வாரம் யாரு சமையலோ அவரு சம்மதிக்கணும்."

அதனால் அந்த வாரச் சமையல்காரரிடம் போனில் பேசினேன், இவர் அனுமதித்த பிறகு, நோயின் பெயரைச் சொல்லாமல். வயதில் மூத்தவர். டப்பாச் சோற்றால் அவருக்கும் வயிறு சரியில்லை என்பது பேச்சில் தெரிந்தது. சோற்றைக் காலைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார். மதியத் தொடுகறிக்குச் சாப்பிடும்போது திறக்கிற மீன் டின், முழு வெள்ளரிக்காய். மெஸ் பட்டியலில் அவர்களே ஒரு மாற்றமும் செய்தார்கள்: எண்ணெய் இரண்டு லிட்டர் குறைத்து, அந்தப் பணத்தில் பருப்பைக் கூட்டினார்கள். சிவப்புக் காராமணி மாதிரிப் பெரிய பயறு வாங்கலாமா என்று கேட்டபோது, சிவப்பு ராஜ்மா வகை மட்டும் வேண்டாம் என்றேன். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைக்காவிட்டால் அதிலுள்ள லெக்டின் வாந்தியைக் கொண்டுவரும். ஒரு மணி நேர அடுப்பு முறையில் அவசரமாக இறக்குபவர்களுக்கு அது ஏற்றதில்லை. சீக்கிரம் வேகும் உடைத்த பருப்பே போதும்.

குறிப்பேட்டில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அடுத்தவர் படிக்கப்போவது அதைத்தான். "பிரச்சினை: நாளுக்குள் மாவுச்சத்து சீரற்ற பங்கீடு, காலைத் தாழ்சர்க்கரையுடன். காரணம்: மாத்திரைக்குப் பின் ஐந்து மணி நேரம் உணவின்மை; காலையில் அடுப்பு முறையும் நம்பகமான குளிர்பதனமும் இல்லை. சான்று: பத்து மணி நடுக்கம், ஒரு அளவீடு 58, அதற்காக இனிப்புப் பானம் 660 மில்லி, எச்பிஏ1சி 9.4. புதிய திட்டத்தில் சோற்றின் மொத்த அளவு குறைக்கப்படவில்லை. வேலைக்கான ஆற்றல் தேவை காரணம். ஓட்ஸ், சாலட், ஆறு வேளை: பரிசீலித்து விடப்பட்டது, அடுப்பு முறையும் இடைவேளையும் அனுமதிக்கவில்லை." கடைசி வாக்கியத்தை எழுதாவிட்டால், அடுத்து வருபவர் மறுபடி ஓட்ஸ் எழுதுவார். 'பின்பற்றுவதில்லை' என்ற சொல்லையும் நான் எடுத்துவிட்டேன். அந்தச் சொல் கோப்பில் இருந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை.

நிறுவனத்துக்குப் போகும் தாள் வேறு. "இது கம்பெனிக்குப் போகுமா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம். அவர் ஒப்புதலோடு அதில் இரண்டே வரி: பத்து மணி இடைவேளை தவறாமல் வேண்டும், நடுக்கம் சொன்னால் உடனே இறக்கி உட்கார வைக்க வேண்டும்.

அடுத்த சந்திப்பில் கேட்பதற்கான கேள்விகளையும் அன்றே எழுதி வைத்தேன். 'பின்பற்றினீர்களா' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். வாரத்துக்கு எத்தனை ரொட்டிப் பொட்டலம் வாங்கினீர்கள், எத்தனை டின் குடித்தீர்கள், எந்த நாளில் காலைச் சோறு வைக்கவில்லை?

மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 8.3. நடுக்கம் நின்றிருந்தது. மாதக் கடைசி வாரத்தில் மட்டும், வீட்டுக்குப் பணம் அனுப்பிய பிறகு, ரொட்டியும் கடலை வெண்ணெயும் வாங்குவதில்லை. அதனால் அந்த வாரத்துக்கான கடலை வெண்ணெயை முதல் வாரத்திலேயே வாங்கிப் பிரிக்காமல் வைக்கவும், ரொட்டிக்கான பணத்தை அப்போதே எடுத்து வைக்கவும் சொன்னேன். கிளம்பும்போது அடுத்த மாதம் வேறு விடுதிக்கு மாற்றுகிறார்கள் என்றார். அங்கே சமையலறையே கிடையாது, மூன்று வேளையும் வெளியிலிருந்து பொட்டலம் வருமாம். மாறியதும் முதல் வாரத்துக்குள் வரச் சொல்லி, வரும்போது பொட்டலம் எத்தனை மணிக்குக் கைக்குக் கிடைக்கிறது என்று குறித்து வரும்படி சொல்லி அனுப்பினேன்.