‘அந்த விஷயம் சரியில்ல, சேர்’

மலையகத்தில் ஒரு பாலியல் நோய்க் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். எச்.ஐ.வி. மருந்துக்கு வரும் ஆண்கள் இருமல், வயிற்றெரிவு எல்லாம் தாராளமாகச் சொல்வார்கள். விறைப்பு வரவில்லை என்பதை மட்டும் கதவுவரை போய்விட்டுத் திரும்பித்தான் சொல்வார்கள்: "அந்த விஷயம் சரியில்ல, சேர்."

தோட்டத்திலிருந்து வரும் ஒருவர் அதைக்கூடச் சொல்லவில்லை. முதல் மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமல் போனதால், ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்துக்கு மாற்றப்பட்டவர். டவுனில் ஒரு பாமசியில் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை 100 மில்லிகிராமில் வாங்கிப் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தலை இடித்து, முகம் கொதித்து, பார்ப்பதெல்லாம் நீலம் பாரித்து, கட்டிலைவிட்டு எழுந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். சில்டெனாஃபிலை ஈரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும், அந்த வேலையை ரிட்டோனாவிர் தடுத்துவிடும், அதனால் மாத்திரை இரத்தத்தில் பல மடங்காகத் தேங்கிப் பிரஷரை இறக்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு 25 மில்லிகிராம்தான், அதுவும் 48 மணித்தியாலத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே மாத்திரை வைப்பவர்கள் தொடவே கூடாது. இப்போது பலர் எடுக்கும் எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிரில் இந்தத் தடுப்பு இல்லை. ஆனால் பாமசியில் யார் வாயைத் திறந்து தன் மருந்தின் பெயரைச் சொல்லப்போகிறார்கள்?

"எல்லாம் இந்த மருந்தால வந்தது, நிப்பாட்டப் போறேன்" என்றார். நிறுத்தினால் கிருமி மறுபடி ஏறும், அதைச் சொல்லிவிட்டு, காலையில் எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சேர், அவ பக்கத்துல வந்தாத்தான் போயிடுது." நரம்பும் இரத்த ஓட்டமும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம். காலையிலும் இல்லை என்றால் சீனி வருத்தம், பிரஷர், ஹோர்மோன் குறைவு, குடி என்று வேறு பக்கம் தேட வேண்டும். இவருக்கும் டொக்டர் சீனியும் காலை நேர டெஸ்டோஸ்டிரோனும் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன.

பிறகு மெதுவாக வந்தது. கொண்டம் போட்டிருந்தாலும், கிழிந்துவிட்டதோ, அவளுக்கும் ஒட்டிவிடுமோ என்ற நினைப்பு வந்தவுடன் எல்லாம் இறங்கிவிடும். லயத்து அறையில் பிள்ளைகள் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள், அந்தத் தடங்கல் வேறு. நான் அவருடைய மருத்துவக் கோப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேலாகக் கிருமி அளவு கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது, மருந்தை விடாமல் எடுத்து இப்படியே இருந்தால் உடலுறவால் மனைவிக்குத் தொற்றாது என்றேன். அவர் அதுவரை அந்தத் தாளைப் பற்றி ‘நோர்மல்’ என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

அடுத்த கிளினிக்குக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவிக்கு முன்பே கணவரின் நோய் தெரியும், மனைவியின் பரிசோதனையில் தொற்று இல்லை. மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்ப என்மேல வெறுப்பில்லையா சேர்?" டொக்டர் கணவருக்கு 25 மில்லிகிராம் சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்தார். முதலில் சில தடவை போட்டார், பிறகு கேட்கவில்லை.