மழை விட்ட காலையில் எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்தேன்

ஞாயிறு காலை. இரவெல்லாம் கொட்டிய ஐப்பசி மழை ஐந்து மணிக்குத்தான் விட்டது. சமையலறையில் விளக்கைப் போட்டால், வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய் வெளியே போகும் ஓட்டையிலிருந்து சுவிட்ச் போர்டு வரை சுவரில் ஒரு கறுப்புக் கோடு. பிள்ளையார் எறும்பு. மீசையும் காலும் உடம்புக்குப் பொருந்தாத நீளம், நேராக நடக்கவே தெரியாது. அறிவியல் பெயர் பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ்.

முதல் வேலையாக ஈரத்துணியால் துடைத்தேன். புற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இதைத்தான் செய்யக்கூடாது. எறும்பு தான் போகும் வழியில் வயிற்று நுனியால் வாசனையைத் தடவிக்கொண்டே போகிறது, பின்னால் வருவது அதை மீசையால் பிடித்துக்கொண்டு நடக்கிறது. துடைத்த இடத்தின் இரண்டு ஓரத்திலும் கூட்டம் சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. அரை மணி நேரத்தில் நாலு விரல் தள்ளிப் புது வழி போட்டுவிட்டன. எனக்குத்தான் அரை மணி நேரம் வீண்.

அப்புறம் முறையாக ஆரம்பித்தேன். வரிசையில் எறும்புகள் இரண்டு பக்கமும் ஓடும், எந்தப் பக்கம் வீடு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. சுமை தூக்கிய எறும்பு எங்கே போகிறதோ அங்கேதான் புற்று. சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் குடித்துவிட்டுப் போய்விடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தேங்காய்த் துருவலை ரவை அளவுக்குக் கிள்ளி வரிசையின் ஓரத்தில் வைத்தேன். வெள்ளைத் துணுக்கைக் கவ்விக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். போகும் வழியின் குறுக்கே கோடு போடாமல், ஒரு சாண் தள்ளிப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன்.

புற்று வெளியே தோட்டத்தில் இருக்கும், தேங்காய்த் துணுக்கு குழாய் ஓட்டை வழியாக வெளியே போகும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேங்காய் சுவிட்ச் போர்டுக்குள் போனது. அது மட்டுமில்லை, வெளியே இருந்து வந்த எறும்புகளும் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு அதே போர்டுக்குள்தான் நுழைந்தன. நான் வைத்த தேங்காய் வெளியே இல்லையே.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பொட்டலத்துக்குள் மடங்கிய கால்களும் இரண்டு கரும்புள்ளியாகக் கண்களும். கூட்டுப்புழு. நாம் மொத்தமாக ‘எறும்பு முட்டை’ என்று சொல்வதில் பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான், உண்மையான முட்டை மிகச் சிறியது. கொஞ்ச நேரத்தில் மற்றதைவிட இரண்டு மடங்கு நீளத்தில் ஒன்று, இறக்கை இல்லாமல், சுற்றிலும் கூட்டத்தோடு சுவரேறியது. ராணி. இந்த இனத்தில் ஒரு புற்றுக்குள் பல ராணிகள் இருக்கும்.

ஆக, இது இரை தேடி வந்த வரிசை இல்லை, குடி மாறும் வரிசை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கமாகப் போவதுதான் அடையாளம்.

வரிசையின் அடுத்த முனையைத் தேடி வெளியே போனேன். ஓட்டையிலிருந்து சுவர் ஓரமாகப் போய் செம்பருத்தித் தொட்டியின் அடியில் முடிந்தது. தொட்டியைச் சாய்த்ததும் காரணம் தெரிந்தது. அடித்தட்டு நிறையத் தண்ணீர். மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் புழுக்களுக்கு மூச்சில்லை. இந்த எறும்பு ஆழமாகத் தோண்டாது, தொட்டி அடி, கல்லிடுக்கு, காய்ந்த இலைக்குவியல் என்று மேலாகவே குடியிருக்கும். அதனால் முதலில் மூழ்குவதும் அதுதான், சட்டென்று மூட்டை கட்டிக் கிளம்புவதும் அதுதான். மழைக்குப் பிறகு பக்கத்தில் காய்ந்து, வெதுவெதுப்பாக இருக்கும் பொந்து நம் சுவர்தான். ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை’ என்பார்கள். என் வீட்டில் மழை வந்தபின்தான் ஏறின.

திங்கள். பொறுமை இல்லாமல் குழாய் ஓட்டையை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தேன். உள்ளே போய்விட்ட பாதிக் கூட்டம் மாலைக்குள் ஃப்ரிட்ஜ் பக்கத்துப் பிளக் துளை வழியாக வந்தது. போர்டுக்குள் மருந்து அடிப்பதாக இல்லை, மின்சாரம் ஓடும் இடம்.

செவ்வாய். சிமென்டைப் பெயர்த்தேன். தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தேன். அன்றும் மறுநாளும் நல்ல வெயில்.

வியாழன் காலை. மறுபடி கோடு, இந்த முறை கூட்டுப்புழுக்கள் போர்டிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. துடைக்காமல் விட்டேன். சனிக்கிழமை வைத்த தேங்காயை ஒரு எறும்பும் தொடவில்லை. அதன்பிறகு ஓட்டையை அடைத்தேன். செங்கல் மேல் இருக்கும் தொட்டிக்கு அடியில் இப்போது ஒன்றுமில்லை. தேங்காயை அங்கே வைத்துப் பார்த்ததில், வரிசை துவைக்கும் கல்லின் இடுக்குக்குள் போகிறது.