பிசிஓஎஸ்: எடை மெஷினை விட இன்ச் டேப்பை நம்பினேன்

சினைப்பையோடு தொடர்புள்ள ஹார்மோன் கோளாறான பிசிஓஎஸ் என்று உறுதியானபோது என் எடை 78 கிலோ. தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்கள் இரண்டையும் பார்த்து, கோளாறு அங்கே இல்லை என்று தெரிந்த பிறகு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. 20 கிலோ குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன், ஆனால் டாக்டர் கேட்டது 4 கிலோதான். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும் என்றார்.

காரணத்தையும் விளக்கினார். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது. அதனால்தான் பருவும், தாடையில் முடியும், தள்ளிப்போகும் மாதவிடாயும். கொழுப்பு, அதுவும் வயிற்றுக் கொழுப்பு குறைந்தால் இந்தச் சங்கிலி தளரும்.

சரி, எதைச் சாப்பிடுவது? கீட்டோ, பாலை நிறுத்துவது, குளூட்டனை நிறுத்துவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உணவு ஆலோசகர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: பிசிஓஎஸ்ஸுக்கென்று ஒரு உணவுமுறை மற்றதை விட மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை, உங்களால் விடாமல் தொடர முடிகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதனால் வழக்கமாகச் சாப்பிடுவதில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைத்தோம், புரதத்தை 90 கிராம் பக்கம் வைத்தோம். என் சிறுநீரகம் சரியாக இருந்ததால் அந்த அளவுக்குத் தடையில்லை.

90 கிராம் என்பது காகிதத்தில்தான் சுலபம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான், வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் ஏறக்குறைய 18. இரவில் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எட்டவே எட்டாது, அதனால் மூன்று வேளைக்கும் முப்பது முப்பதாகப் பிரித்தேன். இதில் காலை வேளைதான் எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு முட்டையோடு ஒரு கப் பருப்பும் காய்கறியும் உள்ளே போன நாட்களில், பதினொரு மணிக்கு கையை நடுங்க வைக்கிற அந்தப் பசி வரவில்லை. மாவுச்சத்தை விடவில்லை, அளவைக் குறைத்துக் கடைசியில் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

உடற்பயிற்சியில் எனக்கு நடையை விட எடைப்பயிற்சி மீதுதான் நம்பிக்கை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், இந்தக் கோளாறுக்கு இதைவிட நேரடியான பதில் என்ன இருக்கிறது? வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இடைவெளி விட்டு: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குனிந்து டம்பெல்லை இழுப்பது, சுவரைத் தள்ளும் புஷ்-அப். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று. பன்னிரண்டு சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் உடம்பு அங்கேயே நின்றுவிடும். மற்ற நாட்களில் வேக நடை, வாரத்துக்கு மொத்தம் 250 நிமிடம் வரும்படி.

இப்போது இன்ச் டேப். எடைப்பயிற்சி தொடங்கியதும் தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மெஷின் நகராது, சில வாரம் ஏறக்கூடச் செய்யும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது (எக்கினால் யாரை ஏமாற்றுகிறோம்?). எடை அசையாத காலத்தில் என் இடுப்பு 3 செ.மீ. குறைந்திருந்தது. டேப்பும் மெஷினும் ஒன்றாகச் சில வாரம் நின்றுவிட்டால் மட்டும்தான் சாப்பாட்டின் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையும் கூடவே ஓடியது. முதலில் 500 மில்லிகிராம், இரவுச் சாப்பாட்டோடு. வயிறு கலக்கியது. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிய பிறகு அடங்கியது. இதை எடை குறைக்கும் மாத்திரை என்று நினைக்காதீர்கள், அந்த விளைவு சொற்பம். நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம், அதனால் அவ்வப்போது பரிசோதிக்க டாக்டர் சொல்லியிருக்கிறார்.

4 கிலோ முழுதாகக் குறைவதற்கு முன்பே மாதவிடாய் வரத் தொடங்கிவிட்டது. ஒழுங்காக வராதவரை கர்ப்பம் ஆகாது என்று இருப்பவர்கள் கவனியுங்கள்: கருமுட்டை வெளிவருவது மாதவிடாய்க்கு முன்பே நடந்துவிடும், குழந்தை இப்போது வேண்டாம் என்றால் கருத்தடை பற்றி ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றால் எடை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதற்கு டாக்டர் தனியாக மருந்து கொடுப்பார்.