இரு நிறுவனங்கள், ஒரே விடுப்புக் கணக்கு: இணைப்பு அறிவிப்பு எழுதிய நாட்களின் குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஜூலை 1 முதல் இரு நிறுவனங்களும் ஒன்றாகின்றன. பதவிப் பெயர்கள், விடுப்பு விதிகள், பணியாளர் நலன்கள் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் அறிவிப்பை எழுதும் பொறுப்பு மனிதவளத் துறையில் என்னிடம் வந்திருக்கிறது. மேலிடத்திலிருந்து வந்த முதல் வரைவில், "சமமான பதவிகள் ஒரே பெயரில் அழைக்கப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். இரு பக்கப் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அந்த வரியை அப்படியே விட முடியாது என்று தெரிந்தது. எங்களிடம் "மேலாளர்" என்றால் குறைந்தது நான்கு பேராவது அவருக்குக் கீழே பணிபுரிவார்கள். இணையும் நிறுவனத்திலோ ஒன்பது ஆண்டு அனுபவம் பெற்றவர் எவரும் மேலாளர்தான். அவருக்குக் கீழே ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். பெயரைப் பார்த்துப் பொருத்தினால் தவறாகிவிடும். ஆகவே ஒவ்வொருவரும் எதைத் தாமே முடிவெடுக்கிறார், யாருடைய வேலைக்குப் பொறுப்பேற்கிறார் என்ற இரு கேள்விகளைக் கொண்டு முதலில் பதவி நிலையை முடிவு செய்து, பெயரை அதற்குப் பிறகு சூட்டுவதாகத் தீர்மானித்தோம்.

ஜூன் 6, வெள்ளி

இன்று முழுவதும் விடுப்புக் கணக்கிலேயே போனது. எங்கள் விடுப்பு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. 24 நாட்களும் முதல் நாளிலேயே வரவு வைக்கப்படுகின்றன. அவர்களுடைய ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; மாதத்துக்கு ஒன்றரை நாள் வீதம் 18 நாட்கள் சேர்கின்றன. புதிய விதிப்படி ஜனவரி முதல் டிசம்பர் வரை, மாதத்துக்கு 1.75 நாள் வீதம் 21 நாட்கள். அடுத்த ஆண்டுக்கு 12 நாட்கள் வரை கொண்டு செல்லலாம்.

படிக்க எளிமையாக இருக்கும் இந்த விதியை இரண்டு பேரின் கணக்கில் பொருத்திப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஜூன் முடிவதற்குள் 15 நாட்கள் எடுத்திருப்பார். அனைத்தும் முறையாக அனுமதி பெற்றவை. அவருடைய 24 நாட்களில் இன்னும் 9 மீதம் இருக்க வேண்டும். ஆனால் ஜூலை 1 அன்று எல்லோரையும் மாதக் கணக்குக்கு மாற்றினால், அரை ஆண்டுக்கு 24-இல் பாதியான 12 நாட்கள்தான் சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டு அவருடைய இருப்பு கழித்தல் 3 என்று காட்டும். நேற்றுவரை மீதம் வைத்திருந்தவர் ஒரே இரவில் கடன்காரர் ஆகிவிடுவார்.

இணையும் பக்கத்தில் உள்ளவருக்குச் சிக்கல் வேறு. அவர் சென்ற ஆண்டிலிருந்து 12 நாட்களைக் கொண்டு வந்திருக்கிறார். ஏப்ரல் முதல் ஜூன் வரை நாலரை நாள் சேர்கிறது, 3 நாள் எடுத்திருக்கிறார், ஆக 13.5 நாள் இருப்பு. ஜூலை முதல் டிசம்பர் வரை 10.5 நாள் சேரும். அதில் 6 நாள் எடுத்தாலும் ஆண்டு இறுதியில் 18 நாள் நிற்கும். 12 நாள் வரம்பினால் 6 நாட்கள் காலாவதியாகிவிடும். அவருடைய பழைய விதியில் 30 நாட்கள் வரை கொண்டு செல்லலாம் என்பதால், ஒரு நாள்கூட இழந்திருக்க மாட்டார்.

ஈட்டிய விடுப்பு என்பது ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு உரியது. புதிய விதி வரப்போகும் நாட்களுக்குப் பொருந்தலாமே தவிர, பின்னோக்கிப் பாயக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தேன். ஜூன் 30 அன்றைய இருப்பை "பழைய இருப்பு" என்ற தனிக் கணக்கில் வைத்து, அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பர் வரை காலம் தந்து, விடுப்பு எடுக்கும்போது முதலில் அதிலிருந்தே கழிக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. எங்கள் பக்கத்தினருக்கு இந்த ஆண்டுக்கான வரவு டிசம்பர் 31 வரை அப்படியே தொடரும். மாதக் கணக்கு ஜனவரியில்தான் தொடங்கும்.

ஜூன் 10, செவ்வாய்

முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஜனவரிக்குப் பிறகு எங்கள் பக்கத்தினருக்கு 24 என்பது 21 ஆகக் குறையுமே என்று கேட்டேன். கொள்கைக் கையேட்டில் உள்ளதை நிறுவனம் மாற்றலாம் என்று பதில் வந்தது. பழைய நியமனக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் "நிறுவனக் கொள்கையின்படி விடுப்பு" என்று மட்டுமே இருந்தது. தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் கடிதங்களிலோ "ஆண்டுக்கு 24 நாட்கள்" என்று எண்ணாலேயே எழுதப்பட்டிருந்தது. எண் எழுதப்பட்ட இடத்தில் அது ஒப்பந்தம். அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் கைவைக்க முடியாது. ஒரே அறையில் சிலருக்கு 24, சிலருக்கு 21 என்பதும் நெடுநாள் மனக்கசப்பை வளர்க்கும். இறுதியில், ஜூன் 30 வரை எங்கள் பக்கத்தில் சேர்ந்த அனைவருக்கும் 24 நாட்கள் தொடரும் என்றும், அந்தப் பக்கத்தினருக்கு 18 நாட்கள் 21 ஆக உயரும் என்றும் முடிவானது. மூன்று நாள் வேறுபாடு மிச்சம் நிற்கிறது. அதை மூடி மறைக்காமல் அறிவிப்பிலேயே எழுதச் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

புதிய மென்பொருளில் சோதனை ஓட்டம். இணையும் பக்கத்தில் பதினொரு ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவரின் பக்கத்தைத் திறந்தேன். "சேர்ந்த தேதி: ஜூலை 1. பணிக்காலம்: 0 ஆண்டு. நிலை: தகுதிகாண் காலம்" என்றிருந்தது. மாற்றப்படுபவர்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களாகவே மென்பொருள் ஏற்றியிருக்கிறது. நீண்ட பணிக்கால நலன்கள், முன்னறிவிப்புக் காலம், காப்பீட்டின் காத்திருப்புக் காலம் அனைத்தும் அந்த ஒரு தேதியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே மூல சேர்ந்த தேதி, மாற்றத் தேதி என்று இரண்டு தனிப் புலங்கள் வேண்டும் என்று கேட்டுப் பெற்றோம். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தும் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்வதற்கான கடிதத்தை வாங்கிவிட்டோம்.

ஜூன் 18, புதன்

அறிவிப்பு இன்று காலை சென்றது. பொதுக் கடிதம் இரண்டு பக்கம்தான். அதோடு ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்தாள்: பழைய பதவி, புதிய பதவி, பதவி நிலை, சம்பளம், மூல சேர்ந்த தேதி, ஜூன் 30-க்குரிய விடுப்பு இருப்பு, அதற்குக் காரணமான கணக்கு. தவறு இருந்தால் ஜூன் 27-க்குள் எழுதலாம் என்றும், பதிலளிப்பவர் யார் என்றும் கீழே குறித்திருந்தோம்.

ஜூன் 20, வெள்ளி

தனித்தாளுடன் ஒருவர் நேரில் வந்தார். இணையும் பக்கத்தில் மேலாளராக இருந்து, இப்போது "மூத்த வல்லுநர்" ஆகியிருப்பவர். "சம்பளம் குறையவில்லை, நிலையும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் மேடம், புரிகிறது. ஆனால் என் வாடிக்கையாளர்களுக்கு இந்தத் தாள் போகாதே? அவர்கள் என் பெயருக்குக் கீழே உள்ள பதவியைத்தானே பார்ப்பார்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நாங்கள் உள்ளே இருந்துகொண்டு பதவி நிலையை மட்டுமே பார்த்திருக்கிறோம். வெளியாருடன் நேரடித் தொடர்பில் உள்ளவர்கள் பழைய பதவிப் பெயரை மின்னஞ்சலிலும் அறிமுக அட்டையிலும் ஓராண்டு பயன்படுத்தலாம் என்று திருத்தம் கேட்டு மாலையே எழுதினேன். உள் பதிவேட்டில் மட்டும் புதிய பெயர் இருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

திருத்தம் நேற்று ஏற்கப்பட்டது. தனித்தாள்களில் 31 பேர் பிழை காட்டியிருந்தார்கள். பெரும்பாலானவை ஒரே வகை: ஜூன் கடைசி வாரத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெற்ற விடுப்பு, எடுத்த விடுப்பாகக் கழிக்கப்படாமல் விட்டுப்போனது. தங்களுக்குச் சாதகமான பிழை என்றாலும் அவர்கள் தாங்களே எழுதித் தெரிவித்திருந்தார்கள். இன்று காலை முதலில் அந்தப் பதினொரு ஆண்டுக்காரரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பணிக்காலம் 11 ஆண்டு என்று இருந்தது. தகுதிகாண் காலம் என்ற சொல் நீங்கியிருந்தது. பழைய இருப்புக் கணக்கில் அவருடைய நாட்கள் தனித்தாளில் உள்ளபடியே இருந்தன. மீதமுள்ளவர்களின் பக்கங்களை நாளை முதல் நாளுக்கு ஐம்பது வீதம் சரிபார்க்க இருக்கிறேன்.